சென்னை–சிங்கப்பூர் ராத்திரி விமானம்: தூக்கம், ஹோட்டல் வாடகை, போய்ச் சேரும் நேரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு மணி நேரச் சொச்சத்தில் முடிந்துவிடுகிற ராத்திரிப் பயணத்தைப் பற்றியது இந்தப் பக்கம். சென்னை, திருச்சி, கோவையிலிருந்து சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். விமான நேரங்களும் வாடகைகளும் கணக்கு புரிவதற்கான உதாரணங்கள். உங்கள் டிக்கெட்டில் உள்ள நேரத்தை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

ராத்திரி ஏறினா காலையில சிங்கப்பூர். விமானத்துலேயே தூங்கிடலாம்தானே?

ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் நல்ல தூக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் அவ்வளவு குறைவு என்பதை ஒரு விமானத்தை வைத்தே பார்ப்போம்.

இரவு 12:50க்குக் கிளம்பி, சிங்கப்பூர் நேரம் காலை 7:30க்குப் போய் நிற்கிற விமானம் என்று வைப்போம். டிக்கெட்டைப் பார்த்தால் 6 மணி 40 நிமிடப் பயணம் போலத் தெரியும். ஆனால் சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே 7:30 என்றால் நம் உடம்புக்கு விடிகாலை 5 மணிதான். ஆக மொத்தப் பயணமே 4 மணி 10 நிமிடம்.

அதிலும் முன்னும் பின்னும் கழித்துக்கொண்டே வாருங்கள். கதவு சாத்தி, ஓடுபாதைக்கு நகர்ந்து, மேலே கிளம்ப 1:10 ஆகிவிடும். பெல்ட் விளக்கு அணைய 1:25. அப்புறம் சாப்பாட்டு வண்டி. தட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு விளக்கைக் குறைக்க 2:25 ஆகும். இறங்குவதற்கு ஐம்பது நிமிடம் இருக்கும்போதே, அதாவது நம் கணக்கில் 4 மணிக்கே, விளக்கைப் போட்டு இருக்கையை நிமிர்த்தச் சொல்லிவிடுவார்கள். மிஞ்சுவது 2:25 முதல் 4:00 வரை, 95 நிமிடம். சாப்பாட்டை வேண்டாமென்று சொல்லிவிட்டால் இரண்டரை மணி நேரம்.

இது தூங்குவதற்குக் கிடைக்கிற நேரம்தான். உட்கார்ந்த வாக்கில் தூங்கிப் பழகாதவர்களுக்கு இதில் பாதி தூக்கமாக மாறினாலே பெரிய விஷயம். இன்னொரு சங்கடமும் உண்டு. உடம்பு மிகவும் சோர்ந்து, ஆழ்ந்து கிடக்க விரும்புகிற நேரம் விடிகாலை 3 முதல் 5 மணி. சரியாக அந்த நடுவில்தான் நம்மை எழுப்புகிறார்கள். இறங்கும்போது தலை கனத்து, எந்தப் பையில் பாஸ்போர்ட் வைத்தோம் என்று நான்கு தடவை தேடுவது அதனால்தான். அந்த மந்தம் தெளிய அரை மணி நேரமாவது ஆகும்.

எனக்கு எங்க உட்கார்ந்தாலும் தூக்கம் வரும். அப்பவும் கஷ்டமா?

உங்களை நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ராத்திரி பஸ்ஸில், படுக்கை இல்லாத சீட்டில், சென்னையிலிருந்து மதுரை போயிருப்பீர்கள். காலையில் இறங்கியதும் நேராக வேலைக்குப் போனீர்களா, அல்லது வீட்டுக்குப் போய் மறுபடி படுத்தீர்களா? நேராக வேலைக்குப் போனவர் என்றால் இந்த விமானம் உங்களைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. மறுபடி படுத்தவர் என்றால், அந்தப் பஸ்ஸில் கிடைத்ததில் பாதிகூட இங்கே கிடைக்காது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் ஏறியதும் விளக்கை அணைத்துவிடுவார்கள், ஏழெட்டு மணி நேரம் யாரும் எழுப்ப மாட்டார்கள்.

ஸ்லீப்பர் ரயிலில் நன்றாகத் தூங்குவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். முதுகை நீட்டிப் படுப்பது வேறு, உட்கார்ந்து கண்ணை மூடுவது வேறு.

ஒரு நாள் ஹோட்டல் வாடகை மிச்சம்னு சொல்றாங்களே, அது உண்மையா?

ரசீதில் பார்த்தால் உண்மைதான். ஆனால் ஹோட்டல்காரரின் நாள் மதியம் 2 மணிக்கோ 3 மணிக்கோதான் தொடங்குகிறது. நீங்கள் காலையிலேயே போய் நிற்கிறீர்கள். இடையில் இருக்கிற ஆறேழு மணி நேரத்துக்கு ஏதோ ஒரு வகையில் விலை கொடுக்கத்தான் வேண்டும்.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். நான், மனைவி, 68 வயது அம்மா, மூன்று பேரும் மேலே சொன்ன மாதிரியான விமானத்தில்தான் போனோம். குடிநுழைவு முடிந்து, பெட்டி எடுத்து வெளியே வந்தபோது 8:30. ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது 9:30. அறை 3 மணிக்குத்தான் என்றார்கள். விமானத்தில் நான் தூங்கியது ஐம்பது நிமிடம். அம்மா கண்ணையே மூடவில்லை. பெட்டிகளை ஹோட்டலில் போட்டுவிட்டு லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தைப் பக்கம் போய் இட்லி சாப்பிட்டோம். அதுவரை பரவாயில்லை. பதினோரு மணி வெயிலில் அம்மாவுக்குக் கால் கடுக்க ஆரம்பித்தது. திரும்பி வந்து வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்தோம். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய கணுக்காலை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டு, புடவைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினார். கழுத்து ஒவ்வொரு தடவை சரியும்போதும் திடுக்கிட்டு விழித்து, "ரூம் குடுத்துட்டானா?" என்று கேட்டார். 2:45க்குச் சாவி கிடைத்தது. படுத்தோம், எழுந்தபோது இரவு 7 மணி. அன்று மாலைக்கு வாங்கி வைத்திருந்த மூன்று நுழைவுச்சீட்டும் வீண். அம்மா அன்றிரவு 3 மணி வரை விழித்துக்கிடந்தார்.

இதைக் காசாக்கிப் பாருங்கள். அறை வாடகை 160 சிங்கப்பூர் வெள்ளி, அதாவது டாலர், என்று வைப்போம். அதுதான் மிச்சம். காலையிலேயே அறை வேண்டுமென்றால் பாதி வாடகை கேட்கிற இடங்கள் உண்டு. 80 வெள்ளி போயிற்று. அதைக் கொடுக்காமல் தெருவில் சுற்றினால் மூன்று பேருக்குக் காபி, குளிர்சாதனத்துக்காக ஏதாவது ஒரு கடையில் உட்கார்வது, நடக்க முடியாமல் பிடிக்கிற டாக்ஸி, வீணாகிற சீட்டு என்று ஐம்பது அறுபது வெள்ளி தானாகப் போகும். கடைசியில் நூறு, நூற்றுப்பத்து வெள்ளி மிச்சத்துக்காக ஒரு பகலை இழந்திருப்போம். ஐந்து நாள் பயணத்தில் ஒரு பகல் என்பது ஐந்தில் ஒரு பங்கு.

இருபத்தைந்து வயதில் முதுகுப்பையோடு தனியாகப் போய், நாற்பது வெள்ளிப் படுக்கையில் தங்குகிறவருக்குக் கணக்கே வேறு. மிச்சம் நாற்பதுதான், ஆனால் அவர் பகலை இழப்பதுமில்லை. அவருக்கு ராத்திரி விமானத்தைத் தாராளமாகச் சொல்வேன்.

ராத்திரி டிக்கெட் எப்பவும் விலை கம்மிதானே?

எப்போதும் இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி ஏறி சனி காலையில் இறங்குகிற விமானத்துக்குப் போட்டி அதிகம், ஏனென்றால் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் லீவு மிச்சம். அதே வாரத்தில் செவ்வாய்ப் பகல் விமானம் அதைவிட மலிவாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஹோட்டல் மிச்சம் அறைக்கு ஒன்று, டிக்கெட் வித்தியாசம் ஆளுக்கு ஒன்று. நான்கு பேர் ஒரே அறையில் தங்குகிற குடும்பத்துக்கு, ஆளுக்கு மூவாயிரம் ரூபாய் கூடுதலாகப் போனாலே பன்னிரண்டாயிரம். அது ஒரு நாள் வாடகையைத் தின்றுவிடும்.

காலை 5 மணிக்கே போய் இறங்குறது நல்லதா, 8, 9 மணிக்கா?

தாமதமாக இறங்குவதுதான். இரவு 10:30க்குக் கிளம்பினால் சிங்கப்பூரில் 5 மணி சுமாருக்கு இறங்குவீர்கள். விமானத்தில் விளக்கை அணைக்கிற நேரம் நமக்கு நள்ளிரவு 12 மணி, எழுப்புகிற நேரம் 1:40. அப்போதுதான் கண் அசந்திருக்கும். இறங்கினால் அறைக்கு இன்னும் பத்து மணி நேரம். வெளியே எல்லாம் மூடிக்கிடக்கும், முதல் மெட்ரோ 5:30ஐ ஒட்டித்தான். 6 மணிக்கு முன் டாக்ஸியில் ஏறினால் மீட்டரோடு பாதி கூடுதல் கட்டணம்.

இரவு 2 மணிக்குக் கிளம்புகிற விமானம் என்றால், சாயங்காலம் வீட்டிலேயே ஒன்றரை மணி நேரம் படுத்து எழுந்துவிட்டு வரலாம். ஏறும்போது தூக்கம் கண்ணைச் சொக்கும், சாப்பாடு வேண்டாம் என்று சொல்ல மனமும் வரும். 8:40க்கு இறங்கி, ஹோட்டலுக்குப் போக 11 ஆகிவிடும். அந்த நேரத்தில் முந்தைய ஆட்கள் காலி செய்ய ஆரம்பித்திருப்பார்கள். சுத்தம் செய்த அறை ஒன்று 12 மணிக்கே கிடைக்க வாய்ப்புண்டு. இலவசமாகவே கொடுத்துவிடுவார்கள், கேட்க வேண்டும். இரண்டு நாள் முன்பே ஒரு மின்னஞ்சல் போட்டு, வரும் நேரத்தைச் சொல்லி, வயதானவர் கூட வருகிறார் என்றும் எழுதி வையுங்கள்.

எந்த விமானத்தைப் பார்த்தாலும் இறங்கும் நேரத்தோடு நிறுத்திவிடாமல், அறைச்சாவி கைக்கு வரும் நேரம் வரை எண்ணுங்கள். அந்த இடைவெளி நான்கு மணி நேரத்தைத் தாண்டினால், குழந்தையோ வயதானவரோ கூட இருந்தால், நான் பகல் விமானத்தைத்தான் எடுப்பேன்.

டிக்கெட்ல 15ஆம் தேதி 00:50னு இருக்கு. எந்த நாள் கிளம்பணும்?

14ஆம் தேதி ராத்திரி. 14 அன்று இரவுச் சாப்பாடு முடித்து, 10 மணிக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி ராத்திரி போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். படித்தவர்கள், பல தடவை பறந்தவர்கள்கூட இதில் ஏமாந்திருக்கிறார்கள். டிக்கெட் வாங்கியதுமே வீட்டுக் காலண்டரில் 14ஆம் தேதிக் கட்டத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.

ஹோட்டல் தேதியிலும் இதே குழப்பம் வரும். 15 காலையில் இறங்குகிறீர்கள். 15ஆம் தேதியிலிருந்து பதிவு செய்தால் அறை மதியம்தான். இறங்கியதும் படுக்கை வேண்டுமென்றால் 14ஆம் தேதியிலிருந்து பதிவு செய்ய வேண்டும். அதாவது மிச்சம் பிடிக்க நினைத்த அந்த ராத்திரி வாடகையைக் கட்டிவிடுகிறீர்கள். அப்படிச் செய்தால் ஹோட்டலுக்குக் கட்டாயம் எழுதிச் சொல்லுங்கள்: "14ஆம் தேதிக்குப் பதிவு, ஆனால் 15 காலை 9 மணிக்குத்தான் வருவோம்" என்று. சொல்லாவிட்டால் 14 ராத்திரி ஆள் வரவில்லை என்று அறையை ரத்து செய்துவிடக்கூடும். காசும் போகும், அறையும் போகும்.

சிங்கப்பூர் குடிநுழைவுக்காக இணையத்தில் அனுப்புகிற எஸ்ஜி அரைவல் கார்டையும் போய்ச் சேரும் தேதியை வைத்துத்தான் நிரப்ப வேண்டும். அந்தத் தேதியையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் அனுப்ப முடியும். விமான நிலையத்தில் தூக்கக் கலக்கத்தோடு நிரப்பாமல், கிளம்புகிற அன்று பகலிலேயே முடித்துவிடுங்கள்.

அறை கிடைக்கிற வரைக்கும் எங்க இருக்கிறது?

பெட்டியை ஹோட்டலில் விட முடியும் என்றால் முதலில் அதைச் செய்யுங்கள். சாங்கி விமான நிலையத்திலும் காசு கொடுத்துப் பெட்டி வைக்க இடம் இருக்கிறது. ஆனால் மறுபடி அங்கே வந்து எடுக்க வேண்டும், அலைச்சல்.

குளித்து உடை மாற்றிவிட்டால் பாதிக் களைப்பு போய்விடும். பல் துலக்கும் பிரஷ், ஒரு செட் துணி, மெல்லிய துண்டு மூன்றையும் கைப்பையில் மேலாக வையுங்கள். பெரிய பெட்டியில் வைத்தால் ஹோட்டல் வாசலில் பெட்டியைப் பிரித்துப் பரப்பும்படி ஆகிவிடும்.

கொஞ்சம் கண்ணயரத்தான் வேண்டும் என்றால், சாங்கியில் ஜுவல் கட்டடத்துக்குள் மணிக்கணக்கில் அறை கொடுக்கிற சின்ன ஹோட்டல் ஒன்று உண்டு. குடிநுழைவு முடித்து வெளியே வந்தபிறகும் போகலாம். முன்பதிவு அவசியம். மூன்று நான்கு மணி நேரத்துக்குக் கட்டுகிற காசையும் அந்த "மிச்ச"த்தில் கழித்துப் பாருங்கள்.

லிட்டில் இந்தியாவில் தங்குகிறவர்கள் மெட்ரோவில் எக்ஸ்போவில் இறங்கி டவுன்டவுன் பாதைக்கு மாறினால், லிட்டில் இந்தியா நிலையத்திலேயே போய் இறங்கலாம். ஒரே ஒரு மாற்றம்தான். ஆனால் கிழமை நாளில் காலை எட்டு எட்டரைக்குப் பெரிய பெட்டியோடு ஏறினால், ஆபீஸ் கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டேதான் போக வேண்டும்.

அன்னைக்கே தூங்கலாமா, ராத்திரி வரைக்கும் தாக்குப்பிடிக்கணுமா?

தூங்கலாம், ஆனால் அலாரம் வைத்துக்கொண்டு. அரை மணி நேரம் அல்லது ஒன்றரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். மாலை 4 மணிக்குப் பிறகு படுக்கையில் இருக்காதீர்கள். நாங்கள் 7 மணி வரை தூங்கியதுதான் அம்மாவை ராத்திரி 3 மணி வரை விழிக்க வைத்தது.

ராத்திரி விமானத்துக்கு இதில் ஒரு நல்ல பக்கம் இருப்பதையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் 10 மணி என்பது நமக்கு 7:30. பகல் விமானத்தில் வந்தவருக்கு அந்த நேரத்தில் தூக்கம் வராது, நள்ளிரவு தாண்டியும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். தூக்கம் கெட்டு வந்தவரோ, பகலில் அளவோடு நிறுத்திக்கொண்டால், 9:30க்கே சாய்ந்து மறுநாள் அந்த ஊர் நேரத்துக்கே எழுந்துவிடுவார். காபி, டீயை மதியத்தோடு நிறுத்துங்கள். குடித்ததில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

போய் இறங்குன அன்னைக்கே இன்டர்வியூ, மீட்டிங் வச்சுக்கலாமா?

வேண்டாம். அங்கே காலை 9 மணி உங்கள் உடம்புக்கு 6:30, அதுவும் ஒரு மணி நேரம் தூங்கிய உடம்புக்கு. விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் அதுவும் கைவிட்டுப் போகும். முந்தின நாள் பகல் விமானத்தில் போய்ப் படுத்து எழுங்கள். வேறு வழியே இல்லையென்றால் மதியம் 2 மணிக்குத் தள்ளிக் கேளுங்கள். இறங்கிய அன்று கார் ஓட்டுவது, ஜோகூர் தாண்டி மலேசியாவுக்குள் வண்டியெடுத்துப் போவது இரண்டும் கூடவே கூடாது.

எந்த சீட் எடுக்கணும்?

ஜன்னலோரம். சுவரில் சாயலாம், கழிவறைக்குப் போகிறவருக்காக எழுந்து வழிவிட வேண்டியதில்லை. கடைசி வரிசையும், அவசர வழிக்கு நேர் முன்வரிசையும் வேண்டாம். பல விமானங்களில் அவை பின்னால் சாயாது. குளிருக்கு ஒரு போர்வை கொண்டுபோங்கள், மலிவு டிக்கெட்டில் போர்வையும் கொடுக்க மாட்டார்கள்.

துபாய்க்கும் இதே கணக்கா?

பறக்கிற நேரம் ஏறக்குறைய அதேதான், ஆனால் கெடுகிற இடம் வேறு. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். விடிகாலை 4 மணிக்குக் கிளம்பினால் அங்கே 6:45க்கு இறங்குவீர்கள். இங்கே 1 மணிக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும் என்பதால் ஏறுவதற்கு முன்பே ராத்திரி போய்விடுகிறது. முன்மாலையில் 7 முதல் 11 வரை வீட்டில் தூங்கிவிட்டால் சமாளிக்கலாம். பத்து மணி நேரத்துக்கு மேல் பறக்கிற பயணங்களில் சாப்பாட்டு நேரம் போகவும் ஐந்தாறு மணி நேரம் இருட்டு கிடைக்கும். அவற்றை இதோடு சேர்க்காதீர்கள்.

திரும்பி வரும்போதும் ராத்திரி விமானம் எடுக்கலாமா?

எடுக்கலாம், அது அவ்வளவு கொடுமையில்லை. சிங்கப்பூரில் இரவு 8 மணிக்கு ஏறினால் சென்னையில் 9:40. வீட்டுக்கு வந்து உங்கள் கட்டிலிலேயே படுக்கலாம். 11 மணிக்கு ஏறினால் நள்ளிரவு 12:40க்கு இறங்கி, வீடு சேர 2 மணி. தொல்லை பகலில்தான். காலை 11 மணிக்கு அறையைக் காலி செய்துவிட்டு, இரவு வரை வியர்த்த சட்டையோடு சுற்ற வேண்டும். அன்றைக்குக் கடைத்தெரு வேலையை வைத்துக்கொள்ளாமல், குளிர்சாதனம் உள்ள ஓரிடத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோட்டல் இல்ல, அண்ணன் வீட்ல தங்குறோம். அப்ப ராத்திரி விமானம் சரிதானே?

சனிக்கிழமை காலை இறங்குவதாக இருந்தால் அருமை. போனதும் குளித்து, அண்ணி கையால் சாப்பிட்டுவிட்டு, உள்ளறையில் ஒன்றரை மணி நேரம் படுக்கலாம். கிழமை நாள் என்றால் யோசியுங்கள். நீங்கள் பெட்டியோடு போய் நிற்கிற எட்டரை மணிக்கு அவர்கள் வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருப்பார்கள், அண்ணனும் அண்ணியும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். வரவேற்க ஒருவர் லீவு போட வேண்டியிருக்கும், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். டிக்கெட் வாங்குவதற்கு முன்பே, "எத்தனை மணிக்கு வந்தா உங்களுக்குத் தோது?" என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.